பட்டருக்குள் இருக்கும் தண்ணீர்

கேக் அடிக்கப் பழக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "உப்புப் பட்டரா, உப்பில்லாததா அக்கா?" என்பதைத்தான். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்தப் பட்டருக்குள் தண்ணீர் எவ்வளவு, அது இப்போது எங்கே இருக்கிறது? பரந்தன் பக்கம் ஒரு சின்னக் குசினியில் இருந்துகொண்டு ஓடருக்குக் கேக்கும் பேஸ்ட்ரியும் செய்து கொடுக்கிற எனக்கு, உப்பால் ஒரு கேக்கும் கெட்டுப்போனதில்லை. தண்ணீரால் கெட்டவை நிறைய. ஆகவே உப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தண்ணீருக்குப் போவோம்.

உப்புக் கணக்கு

கடையில் வாங்கும் பட்டரில் நூற்றுக்கு 80 பங்கோ, கொஞ்சம் கூடவோ கொழுப்பு. 16 பங்கு அளவில் தண்ணீர். மிச்சம் பாலின் புரதமும் பால்சீனியும். உப்புப் பட்டர் என்றால் இதற்குள் ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு உப்பும் இருக்கும். உங்கள் பட்டரில் எவ்வளவு என்பதைப் பெட்டியின் பின்பக்கம் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 100 கிராமுக்குச் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 640 மில்லிகிராம் என்றிருந்தால் 1,600 மில்லிகிராம், அதாவது 100 கிராம் பட்டருக்கு 1.6 கிராம் உப்பு.

அரை இறாத்தல் பட்டர் என்று நாங்கள் சொல்லும் 227 கிராம் கட்டி ஒன்றில், இந்தக் கணக்குப்படி ஏறக்குறைய 3.6 கிராம் உப்பு இருக்கும். தேக்கரண்டியில் அளந்தால் அரைத் தேக்கரண்டியைச் சற்றுத் தாண்டும். அதே அளவு மாவும் சீனியும் போட்டு அடிக்கும் கேக்குக்கு அந்த உப்பு அளவானதுதான். உப்பில்லாத பட்டருக்கு எழுதிய குறிப்பு ஒன்றைப் பார்த்துச் செய்கிறீர்கள், கையில் உப்புப் பட்டர்தான் இருக்கிறது என்றால், குறிப்பில் சொன்ன உப்பைப் போடாமல் விடுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

பட்டர் ஐசிங் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. மாவும் முட்டையும் தமக்கென்று கொஞ்சம் உப்புக் கேட்பவை. ஐசிங் சீனி கேட்காது. வேகவும் வேகாமல் நேரே நாக்குக்குப் போவதால் அங்கே உப்புத் தனியாகத் தெரியும். சிலர் உப்புப் பட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து கழுவி உப்பை எடுக்கிறார்கள். உப்பு குறையும், உண்மைதான். ஆனால் கழுவின தண்ணீரில் கொஞ்சம் பட்டருக்குள்ளேயே தங்கிவிடும், அப்புறம் ஐசிங் வியர்க்கத் தொடங்கும். ஐசிங்குக்கு மட்டும் உப்பில்லாத பட்டர் தேடி வாங்குங்கள் என்பது என் புத்தி. பரந்தனில் கிடைக்காவிட்டால் கிளிநொச்சியில் பெரிய கடைகளில் பார்க்கலாம், அல்லது வவுனியாவுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடலாம்.

உப்புப் பட்டருக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. உப்பு கொழுப்பில் கரையாது. பட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சிதறிக் கிடக்கும் தண்ணீர்த் துளிகளில்தான் அது முழுக்கக் கரைந்திருக்கும். 16 பங்கு தண்ணீரில் 1.6 பங்கு உப்பு என்றால், ஒவ்வொரு துளியும் முல்லைத்தீவுக் கடல்நீரைவிட இரண்டரை மடங்கு உவர்ப்பு. கிருமி வளர வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். இந்தத் தண்ணீரில் அதற்கு வாழ்வது கஷ்டம். அதனால்தான் கறண்ட் போய்ப் போய் வருகிற இடத்தில் உப்புப் பட்டர் தாங்குகிறது, உப்பில்லாதது சீக்கிரம் புளித்த மணம் காட்டுகிறது. உப்பில்லாததை வாங்கினால் அன்றைக்கே துண்டுபோட்டு, இறுக்கமாகச் சுற்றி, பிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் பிடிக்கும் இடத்தில் வையுங்கள்.

தண்ணீரைக் கண்ணால் பார்ப்பது

உப்புப் பட்டரில் தண்ணீர் கூட, அதனால் கேக்குக்கு ஆகாது என்று சொல்லுவார்கள். சில பட்டரில் அப்படி இருக்கலாம். ஆனால் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத் தண்ணீரைச் சொல்ல முடியாது. ஒரு கம்பனியின் பட்டருக்கும் இன்னொரு கம்பனியின் பட்டருக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் பெரிது. அதைவிடப் பெரியது, பட்டர் அடுக்குக்குப் பக்கத்திலேயே, பட்டரைப் போலவே டப்பாவில் நிற்கும் பாணுக்குப் பூசும் சாமான். அதில் கொழுப்பு 60 பங்கு, சிலதில் 40 பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். பெட்டியில் 'பட்டர்' என்ற சொல் தனியாக நிற்கிறதா, கொழுப்பு 80 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டி கிழிந்துவிட்டது, அல்லது வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் நீங்களே அளக்கலாம். சின்னச் சட்டி ஒன்றைத் தராசில் வைத்து அதன் நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் சரியாக 100 கிராம் பட்டர் போட்டு, மிகக் குறைந்த நெருப்பில் உருக்குங்கள். முதலில் நுரைக்கும், பிறகு சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் தண்ணீர் போகிற சத்தம். அது அடங்கி, அடியில் இருக்கும் வெள்ளைக் கசடு லேசாகப் பொன்னிறம் ஆனதும் இறக்கி, சட்டியோடு திரும்ப நிறுங்கள். குறைந்த கிராம் எத்தனையோ அத்தனை பங்கு தண்ணீர். 84 கிராம் மிஞ்சினால் தண்ணீர் 16. பூசும் சாமானில் இதைச் செய்து பார்த்தேன். பாதிச் சட்டி காணாமல் போனது. பட்டரில் செய்தால் நல்ல நெய் மிஞ்சும், சோற்றுக்கு விடலாம். உப்பு அடிக்கசடோடு தங்கிவிடுவதால் மேலே தெளிகிற நெய் உவர்க்காது.

தராசு இல்லாதவர்கள், உயரமான ஒடுங்கிய கண்ணாடிக் கிளாஸில் பட்டரைப் போட்டு, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் அரை மணித்தியாலம் வைக்கலாம். மேலே மஞ்சள் எண்ணெய் தெளிந்து, அடியில் கலங்கலான பால்நிறத் தண்ணீர் நிற்கும். உயரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு நின்றால் அது சாதாரணப் பட்டர். உப்புப் பட்டராக இருந்தால் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன கடல்நீர்க் கணக்கை ஒருநாளும் மறக்க மாட்டீர்கள்.

எங்கள் பக்கத்தில் எருமைத் தயிர் கடைந்து எடுக்கும் வெண்ணெயையும் கேக்குக்குப் போடலாம். நிறம் வெள்ளை, உப்பு இல்லை, மணம் நல்லது. ஆனால் மத்திலிருந்து வழித்தெடுத்தபடியே போட்டால் தண்ணீர் அதிகம். நான் முதன்முதலாக அளந்தபோது 26 கிராம் போய்விட்டது. அதன் பிறகு ஐஸ் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, மரஅகப்பையால் சட்டியின் பக்கத்தில் வைத்து அழுத்தி அழுத்தி, துளி கசிவது நிற்கும்வரை பிழிந்தேன். அப்போது 18 கிராமுக்கு வந்தது. 18 என்றால் கேக்குக்குப் போதும். பேஸ்ட்ரிக்கு நான் அதைப் பாவிப்பதில்லை.

கேக்குக்குள் அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது

227 கிராம் பட்டர், 200 கிராம் சீனி, 227 கிராம் கோதுமை மா, 4 முட்டை, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி பால், கொஞ்சம் வனிலா. எட்டு அங்குலத் தட்டுக்கு இது அளவு. இதில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பட்டரிலிருந்து 36 கிராம். ஓடு இல்லாமல் ஒரு முட்டை 50 கிராம் என்று வைத்தால், அதில் முக்கால் பங்கு தண்ணீர். நான்கிலும் சேர்த்து 150 கிராம். பாலிலிருந்து கிட்டத்தட்ட 30 கிராம். மொத்தம் 216 கிராம்.

இப்போது 80 பங்குக் கொழுப்புப் பட்டருக்குப் பதிலாக 82 பங்குக் கொழுப்புப் பட்டர் போட்டால் தண்ணீரில் வரும் மாற்றம் நாலைந்து கிராம். ஒரு தேக்கரண்டி. ஒரு முட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதைவிடக் கூட மாறும். அதனால் கேக் அடிக்கும்போது எந்தப் பட்டர் உசத்தி என்று மண்டையை உடைக்காதீர்கள்.

பூசும் சாமானைப் போட்டால் கதை வேறு. 60 பங்குக் கொழுப்புள்ள டப்பாவில் 227 கிராமுக்கு 85 கிராம் அளவில் தண்ணீர் இருக்கும், 50 கிராம் அதிகம். கொழுப்பும் 45 கிராம் குறைவு. மாவின் புரதத்துக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும். அதை வழவழப்பாக்கித் தடுக்கக் கொழுப்புக் காணாது. அப்படி வரும் கேக் வெட்டும்போது பொலபொலவென்று உதிராது, பாண் மாதிரி இழுக்கும். ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டிய கேக்கை விரலால் அழுத்தினேன், ரப்பர் போலத் திரும்பி வந்தது. அவர் பட்டரின் அளவிலேயே அதைப் போட்டிருந்தார்.

நெய் போட்டால் நேர்மாறு. நெய்யில் தண்ணீரே இல்லை. பட்டரின் நிறைக்கு நெய் போட்டால் 45 கிராம் கொழுப்புக் கூடி, 36 கிராம் தண்ணீர் குறைந்து, கேக் காய்ந்தும் இருக்கும், கையில் எண்ணெயும் ஒட்டும். நெய்தான் இருக்கிறது என்றால் 185 கிராம் நெய்யும், கூடுதலாக இரண்டரை மேசைக்கரண்டி பாலும் கணக்கு. ஆனாலும் நெய் பட்டரைப் போலக் காற்றைப் பிடித்து வைக்காது. கேக் கொஞ்சம் கனமாகத்தான் வரும்.

காற்றைப் பிடிப்பது என்று சொன்னேன் அல்லவா, வன்னியில் கேக் அடிக்கிறவர்களின் உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது, சீனிக் கற்களின் கூர் பட்டரைக் கிழித்துச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளை உள்ளே அடைக்கிறது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழியைத்தான் ஊதுகிறது. அவணுக்குள் போனதும் பட்டரின் தண்ணீரும் முட்டையின் தண்ணீரும் ஆவியாகி அதே குமிழிகளுக்குள் போய்ச் சேரும். குமிழி இல்லாவிட்டால் பவுடரும் ஆவியும் போவதற்கு இடம் இல்லை. அந்தக் குமிழியைத் தாங்கி நிற்பது பட்டரின் பாதி இறுகிய கொழுப்பு. அது உருகினால் குமிழி நிற்காது. துளித்துளியாகச் சிதறி இருந்த தண்ணீரும் ஒன்றுசேர்ந்து பிரிந்துவிடும்.

குறிப்புகளில் "பட்டர் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். அவர்களுடைய அறை 20 பாகை. சோளகம் அடிக்கும் மாதங்களில் என் குசினி பகலில் 33 பாகை. பட்டர் முழுக்க உருகத் தொடங்குவதே 32இலிருந்து 35க்குள். ஆகவே அந்த வரியை நம்பிப் பட்டரை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது எண்ணெய்தான் இருக்கும். முட்டைக்கும் இதே கதை. அங்கே பிரிட்ஜிலிருந்து முட்டையை முன்கூட்டியே எடுத்து வெளியே வைக்கச் சொல்கிறார்கள்; இங்கே வெளியே இருக்கும் முட்டையைக் கால் மணித்தியாலம் பிரிட்ஜில் வைக்க வேண்டியிருக்கிறது.

நான் செய்வது இப்படி. விடிய ஐந்து மணிக்குத் தொடங்குவேன். சீனியை முதல்நாள் இரவே பிரிட்ஜில் வைத்துவிடுவேன். பட்டரை எடுத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பத்து நிமிடம் மட்டும் வெளியே வைப்பேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. மினுக்கம் வந்தால் கொழுப்பு உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு சீனியோடு சேர்த்து, நிறம் வெளுத்துப் பஞ்சு மாதிரி ஆகும்வரை அடிப்பேன். பீற்றரில் ஆறேழு நிமிடம் போகும். பீற்றரின் உராய்விலேயே சட்டி சூடாகும், அதனால் நடுவில் ஒருதரம் நிறுத்திச் சட்டியின் அடியைத் தொட்டுப் பார்ப்பேன். கலவை மினுங்கத் தொடங்கினால் ஐஸ் கட்டி போட்ட தண்ணீருக்குள் சட்டியை ஐந்து நிமிடம் இறக்கி, பக்கங்களை வழித்துவிட்டு, திரும்பவும் அடிப்பேன். அந்த நேரத்தில் பிடித்தால் காப்பாற்றலாம். முழுக்க எண்ணெயாகிவிட்டால் குளிரவைத்தாலும் பழைய மாதிரி வராது.

முட்டையை ஒவ்வொன்றாக, முதல் முட்டை முழுக்கக் கலந்த பிறகே அடுத்ததை. மூன்றாவது முட்டையில் கலவை திரிந்த பால் மாதிரி ஆனால் பயப்படாதீர்கள். கொழுப்புத் தாங்குகிற அளவைவிடத் தண்ணீர் சீக்கிரமாக வந்துவிட்டது, அவ்வளவுதான். அளந்து வைத்த மாவில் ஒரு மேசைக்கரண்டியைத் தூவி அடித்தால் சேர்ந்துவிடும். பிறகு பேக்கிங் பவுடர் சேர்த்து அரித்த மாவையும் பாலையும் மாறி மாறிப் போட்டு, அகப்பையால் மெதுவாகக் கலந்து, 170 பாகையில் 50இலிருந்து 60 நிமிடம். ஈர்க்கு குத்தினால் காய்ந்து வர வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒருமுறை எனக்குப் பிழைத்தது. நத்தார் ஓடர், இரண்டு கட்டிப் பட்டர், ஒரு கடையில் வாங்கியது. முதல்நாள் அந்தப் பக்கம் முழுவதும் கறண்ட் இல்லை. கடையில் பட்டர் உருகி, கறண்ட் வந்ததும் திரும்ப இறுகியிருக்கிறது. உருகி இறுகிய பட்டரில் தண்ணீர்த் துளிகள் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. அடித்தேன், அடித்தேன், வெளுக்கவே இல்லை. கேக் அடியில் ஒரு விரல் தடிப்பில் களி மாதிரி படிந்து, ஒயில் பேப்பர் முழுக்க எண்ணெய். இரண்டையும் வீட்டில் வைத்துத் தின்று தீர்த்தோம். இப்போது வாங்கும்போதே பார்க்கிறேன்: கட்டியின் மூலை மழுங்கி உருவம் மாறியிருக்கிறதா, பேப்பருக்குள் ஈரம் நிற்கிறதா, வெட்டினால் வெளிவிளிம்பு கடும் மஞ்சளாகவும் உள்ளே மங்கலாகவும் இருக்கிறதா, விரலுக்குள் தேய்த்தால் மணல் மாதிரி நெருடுகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பட்டரை அடிக்கும் கேக்குக்கு எடுக்காதீர்கள். நெய் உருக்கலாம், உருக்கிய பட்டரை ஊற்றிச் செய்யும் பலகாரத்துக்கு எடுக்கலாம். பஸ்ஸில் கொண்டுவருகிறவர்கள் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை முதல்நாளே உறையவைத்துக் கொண்டுபோய், பட்டரையும் அதையும் சேர்த்துப் பேப்பரில் சுற்றினால் வவுனியாவிலிருந்து A9 வழியே பரந்தன்வரை தாங்கும்.

பேஸ்ட்ரி: ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு

கேக்கில் நாலைந்து கிராம் தண்ணீரைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றேன். பேஸ்ட்ரியில் அப்படி விட முடியாது. அங்கே முட்டையும் பாலும் இல்லை. மா, பட்டர், ஐஸ் தண்ணீர் மட்டும். தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் இதழ் இதழான மீன் பேஸ்ட்ரியை வீட்டில் செய்ய, 200 கிராம் மா, 150 கிராம் உப்புப் பட்டர், 70 மில்லிலீற்றர் ஐஸ் தண்ணீர், ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி எடுத்துக்கொள்ளுங்கள். தேசிப்புளி மாவை இளக்கும், உருட்டும்போது சுருங்காது. பட்டரிலேயே 2.4 கிராம் உப்பு இருப்பதால் மாவுக்கு உப்பு வேண்டாம், மீன் கலவையிலும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். உறைப்புப் பேஸ்ட்ரிக்கு உப்புப் பட்டர்தான் நல்லது என்பேன்.

இந்த 150 கிராம் பட்டருக்குள் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. பேஸ்ட்ரியின் வித்தை எல்லாம், அவணுக்குள் போகும்வரை அந்த 24 கிராமைப் பட்டருக்குள்ளேயே பூட்டி வைப்பதுதான். மாவும் பட்டரும் தாள் தாளாக மாறி மாறி இருக்க வேண்டும். சூடு பட்டதும் பட்டர்த் தாளில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஆவியானால் ஒன்றரை லீற்றருக்கும் மேல் இடம் கேட்கும். அந்த ஆவி மேலே இருக்கும் மாத் தாளைத் தூக்கும், உருகிய கொழுப்பு அந்தத் தாள் கீழே இருப்பதோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். மாவை உருட்டும்போதே பட்டர் உருகிவிட்டால் 24 கிராமும் மாவுக்குள் இறங்கிவிடும். மா கையில் ஒட்டும், ஒட்டுகிறது என்று இன்னும் மா தூவுவீர்கள், அது அழுந்தி இறுகும். கடைசியில் வருவது இதழ் அல்ல, கடிக்கவே கஷ்டமான கெட்டி பிஸ்கட்.

மாவையும் சட்டியையும் உருளையையும் முன்கூட்டியே பிரிட்ஜில் வையுங்கள். பட்டரை ஒன்றரைச் சென்றிமீற்றர் கட்டிகளாக வெட்டி, ஐஸ் பிடிக்கும் தட்டில் 15 நிமிடம். பிறகு மாவுக்குள் போட்டுப் பிரட்டி, ஒவ்வொரு கட்டியையும் இரண்டு விரலுக்குள் வைத்து ஒரே ஒரு தரம் தட்டையாக அழுத்துங்கள். அதற்கு மேல் பிசைய வேண்டாம். தேசிப்புளி கலந்த ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, கையில் பிடித்தால் சேரும் பதம் வந்ததும் நிறுத்துங்கள். 70 முழுக்கத் தேவைப்படாமலும் போகலாம். பட்டரில் தண்ணீர் கூட என்று முன்பே அளந்திருந்தால் 60க்கு மேல் போகாதீர்கள். பார்க்கும்போது பட்டர்த் துண்டுகள் வெள்ளை மஞ்சளாய்த் திட்டுத் திட்டாகத் தெரியும், பிழைத்துவிட்டதோ என்று தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

சுற்றிப் பிரிட்ஜில் அரை மணித்தியாலம் வைத்து, பிறகு அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு உருட்டி, மேலிருந்து ஒரு பங்கும் கீழிருந்து ஒரு பங்கும் நடுவுக்கு மடியுங்கள். கால்பங்கு திருப்பி இன்னொரு முறை உருட்டி மடித்து, திரும்ப அரை மணித்தியாலம் குளிர். அப்புறம் அதேபோல இன்னும் இரண்டு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் மூன்று மடங்காவதால் நான்கு மடிப்பில் 81 தாள் வரும். உருட்டும்போது பட்டர் மினுங்கினாலோ உருளையில் ஒட்டினாலோ, அந்த நிமிடமே நிறுத்திப் பிரிட்ஜுக்குள் போடுங்கள். நடுவில் கறண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். உள்ளே உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருந்தால் இரண்டு மணித்தியாலம் கவலை இல்லை.

கடைப் பேஸ்ட்ரி நடுப்பகலிலும் இப்படி எதுவும் இல்லாமல் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். வெதுப்பகங்களில் பெரும்பாலும் பேஸ்ட்ரி மாஜரீன் பாவிக்கிறார்கள். அது 40 பாகைக்கு மேல்தான் உருகும், எங்கள் வெயிலுக்குள்ளும் கட்டியாக நிற்கும். ஆனால் வாயின் சூடு 37 பாகைதானே, அங்கேயும் அது முழுக்க உருகாது. தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசினது மாதிரி நிற்பது அதனால்தான்.

மீன், உருளைக்கிழங்குக் கலவையை வறட்டிப் பிரட்டி, முழுக்க ஆறவைத்து, பிரிட்ஜில் குளிரவைத்தே உள்ளே வையுங்கள். இளஞ்சூட்டோடு வைத்தால் கீழ்த்தாளின் பட்டர் அங்கேயே உருகிவிடும். மடித்து ஒட்டின பிறகு பேஸ்ட்ரியையும் இன்னொரு 15 நிமிடம் குளிரில் விடுங்கள். அந்த நேரத்தில் அவண் 210 பாகைக்கு நன்றாகச் சூடேறட்டும். முதல் 15 நிமிடம் 210, பிறகு 180க்கு இறக்கி இன்னும் 12இலிருந்து 15 நிமிடம். ஆரம்பச் சூடு கூடுதலாக இருப்பதற்குக் காரணம், கொழுப்பு உருகி ஓடுவதற்கு முன் தண்ணீர் ஆவியாகித் தாள்களைத் தூக்க வேண்டும் என்பதே.

பிழைத்தால் தட்டையும் பேஸ்ட்ரியையும் பார்த்தே சொல்லிவிடலாம். தட்டில் எண்ணெய் குளம் கட்டிப் பேஸ்ட்ரி தட்டையாகக் கிடந்தால், அவண் போதிய சூடாகவில்லை அல்லது உள்ளே போகும்போதே பட்டர் இளகியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் நுரைப்பது பரவாயில்லை. சுருங்கிக் கடினமாக வந்தால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது இடையில் ஓய்வு கொடுக்காமல் உருட்டியிருக்கிறீர்கள். நன்றாக உயர்ந்து, வெளியே எடுத்ததும் அமுங்கி, வெட்டினால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஈரத் தாள்கள் தெரிந்தால், அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள். தூக்கிவிட்ட தண்ணீர் வெளியேறி முடியவும் நேரம் வேண்டும். மேல் நிறத்தை மட்டும் நம்பாமல், ஒன்றைத் திருப்பி அடியைத் தட்டிப் பாருங்கள். காய்ந்த ஓலை மாதிரிச் சத்தம் கேட்டால் இறக்கலாம்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை உருண்டையாகப் பிசைந்துவிடாதீர்கள், அத்தனை தாளும் கலைந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அழுத்தி, குளிரவைத்து, ஒரு தரம் மட்டும் உருட்டுங்கள். சீனி தூவி நீளமாக வெட்டிச் சுட்டால், மீன் பேஸ்ட்ரி வேண்டாம் என்கிற சின்னப் பிள்ளைகளுக்கு ஆகும்.